போர்டுக்கு மேலே கேமரா: தானாக மாறும் லென்ஸை ஓரிடத்தில் நிறுத்தியது

ஒரு பழைய பவர் சப்ளை போர்டில் வீங்கிப்போன கெபாசிட்டர்களைக் கழற்றி மாற்றும் வேலையை மேலிருந்து வீடியோவாக எடுக்க வேண்டியிருந்தது. போர்டு 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். மேசை விளிம்பில் பிடிக்கும் கை ஸ்டாண்டில் ஐபோன் 14 ப்ரோவைக் கீழ்நோக்கி மாட்டி, போர்டிலிருந்து சுமார் 18 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தேன். பதிவைத் திரும்பப் பார்த்தால் நடுநடுவே படம் ஒரு குதி குதித்தது. போர்டு அரை விரல்கடை அளவுக்குப் பக்கவாட்டில் நகர்கிறது, நிறம் லேசாக மாறுகிறது, பின்னால் மங்கலாக இருந்த மேசைப் பரப்பு திடீரெனத் தெளிவாகிறது. சில நொடிகளில் மறுபடி பழைய நிலை. ஸ்டாண்ட் அசையவில்லை. சால்டரிங் அயர்ன் பிடித்த கை லென்ஸுக்குக் கீழே வரும்போதெல்லாம் இது நடந்தது.

இது பழுது அல்ல. கேமரா ஆப் வேண்டுமென்றே செய்கிற வேலை. 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ முதல், ப்ரோ மாடல்களில் அல்ட்ரா வைடு லென்ஸுக்கும் ஆட்டோஃபோகஸ் உண்டு. அது 2 செ.மீ. வரை நெருங்கிப் படமெடுக்கும். பிரதான லென்ஸால் அவ்வளவு நெருங்க முடியாது. எனவே, பொருள் மிக அருகில் இருக்கிறது என்று ஆப் கணித்தவுடன், திரையில் 1x என்றே காட்டிக்கொண்டு, உள்ளே அல்ட்ரா வைடுக்கு மாறி, அதன் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது. இதைத்தான் மேக்ரோ என்கிறார்கள். ஒரு பூவையோ பூச்சியையோ கையில் பிடித்த போனால் எடுப்பவருக்கு இது நல்ல வசதி. ஸ்டாண்டில் நிலையாக மாட்டி, ஒரே கோணம் வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் தொல்லை. இரண்டு லென்ஸும் போனின் முதுகில் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், மாறும்போது பார்வைக் கோணமும் மாறுகிறது. படம் குதிப்பது அதனால்தான்.

பிரதான லென்ஸால் ஏன் நெருங்க முடியவில்லை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருள் அருகே வர வர, ஃபோகஸ் கிடைப்பதற்கு லென்ஸ் சென்சாரை விட்டு வெளியே நகர வேண்டும். எளிய லென்ஸ் சூத்திரப்படி நகர வேண்டிய தூரம் இது:

```
நகர்வு = f × f ÷ (u − f)
```

இதில் f என்பது லென்ஸின் உண்மையான குவியத் தூரம், u என்பது பொருள் இருக்கும் தூரம். 14 ப்ரோவின் பிரதான லென்ஸுக்கு f 6.86 மி.மீ. பொருள் 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் நகர்வு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அல்ட்ரா வைடுக்கு f வெறும் 2.22 மி.மீ. அதில் பொருளை 2 செ.மீ. வரை கொண்டுவந்தாலும் கிட்டத்தட்ட அதே கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய நகர்வு போதும். அதாவது, இரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்தால், ஒன்று 20 செ.மீ.யில் நின்றுவிடுகிறது, இன்னொன்று 2 செ.மீ. வரை போகிறது. நிஜ லென்ஸ் பல கண்ணாடிகளால் ஆனது என்பதால் இந்தக் கணக்கு தோராயமானது. ஆனால் காரணம் இதுதான். சென்சார் பெரிதாகிக் குவியத் தூரமும் கூடியதால், 13 ப்ரோவில் சுமார் 15 செ.மீ. ஆக இருந்த குறைந்தபட்ச தூரம் 14 ப்ரோவில் 20 ஆனது. 15 ப்ரோவில் அது 24 ஆகிவிட்டது. புதிய போனில் இந்த மாற்றம் அடிக்கடி நடப்பதுபோலத் தோன்றினால் அது பிரமை அல்ல. முன்பு பிரதான லென்ஸுக்கு எட்டிய தூரம் இப்போது எட்டவில்லை.

ஆக, 18 செ.மீ. உயரம் சரியாக எல்லைக்கோட்டில் விழுகிறது. வெறும் போர்டை ஆப் சில நேரம் பிரதான லென்ஸிலேயே ஏற்றுக்கொள்கிறது. கை அதற்கு மேலே, லென்ஸுக்கு 10 செ.மீ. அருகில் வந்ததும் மாறிவிடுகிறது.

சரி, மாறினால் என்ன, தெளிவாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். தெளிவாக இல்லை. இதை நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் திரையில் பார்க்கும்போது இது தெரியாது.

35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால், அல்ட்ரா வைடு 13 மி.மீ. சமானம், பிரதான லென்ஸ் 24 மி.மீ. சமானம். 1x சட்டகத்தை அல்ட்ரா வைடிலிருந்து உருவாக்க, நீளத்திலும் அகலத்திலும் 1.85 மடங்கு வெட்ட வேண்டும். 12 மெகாபிக்சலில் மிஞ்சுவது சுமார் 3.5 மெகாபிக்சல். கோப்பு 12 மெகாபிக்சலாகவே சேமிக்கப்படும், மீதியை மென்பொருள் ஊதி நிரப்புகிறது. நீங்கள் 2x-இல் இருக்கும்போது மாறினால் நிலைமை இன்னும் மோசம். உண்மையான தகவல் ஒரு மெகாபிக்சலுக்கும் குறைவு.

இதையே ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பிரதான லென்ஸ் 20 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 29 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது. படத்தின் அகலம் 4032 பிக்சல் என்றால், செ.மீ.க்கு 140 பிக்சல். அதே போனை 19 செ.மீ.க்கு இறக்கி, மேக்ரோவுக்கு மாறவிட்டால், வெட்டி எடுத்த அல்ட்ரா வைடு தருவது செ.மீ.க்கு 80 பிக்சல்தான். ஒரு செ.மீ. நெருங்கியதற்கு விவரம் கிட்டத்தட்ட பாதியாகிறது. மேக்ரோ மறுபடி 140-ஐ எட்ட வேண்டுமென்றால் 11 செ.மீ. வரை நெருங்க வேண்டும்.

14 ப்ரோவில் 2x என்பது 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுவிலுள்ள 12 மெகாபிக்சல். அதை 20 செ.மீ.யில் பயன்படுத்தினால் செ.மீ.க்கு 280 பிக்சல் வருகிறது. அந்த சென்சாரின் நிற வடிகட்டிகள் நான்கு நான்காகக் குழுவாக இருப்பதால் உண்மையான விவரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றாலும், மேக்ரோ இதை எட்ட 5 செ.மீ.க்கும் கொஞ்சம் மேலான தூரம் வரை நெருங்க வேண்டும். ஆக 20 செ.மீ.க்கும் ஏறத்தாழ 6 செ.மீ.க்கும் இடைப்பட்ட பகுதியில் மேக்ரோவுக்கு மாறுவதால் லாபமே இல்லை. அந்த இடத்தில் போனை 20-க்கு மேலே தூக்கி 2x வைப்பதே நல்லது. போர்டு வேலை, புத்தகப் பக்கம், தபால்தலை, நாணயம், கைவேலை எல்லாம் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட பகுதியில்தான் விழுகின்றன.

இனி மாற்றிய விதம்.

முதலில் எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி வேண்டும். விரலால் மூடிப் பார்ப்பதே சுலபம். கேமரா ஆப்பில் .5 தொட்டு, பின்னாலுள்ள லென்ஸ்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடினால் திரை இருட்டாகிறதோ அதுதான் அல்ட்ரா வைடு. அப்புறம் 1x-க்கு வந்து, போர்டின் மேல் வைத்து அதையே மூடிப் பார்த்தால், 1x என்று எழுதியிருக்கும்போதும் உள்ளே எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். 3x-ஐயும் இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பொருள் அருகில் இருந்தாலோ வெளிச்சம் குறைந்தாலோ, 3x தொட்டாலும் டெலிஃபோட்டோ இயங்காமல் பிரதான லென்ஸின் நடுப்பகுதியே பெரிதாக்கித் தரப்படும். நெருக்கமாக எடுக்க டெலிஃபோட்டோ உதவும் என்று முதலில் தோன்றும். ஆனால் அதன் குறைந்தபட்ச தூரம் 60 செ.மீ. அளவில் இருப்பதால், அங்கிருந்து 27 செ.மீ. அகலம் தெரியும். பிரதான லென்ஸின் 2x அதைவிட நெருக்கமான படம் தருகிறது.

அடுத்து அமைப்புகள். `Settings > Camera` என்ற பக்கத்தில் `Macro Control` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இங்கே பலர் இடறுவதைப் பார்க்கிறேன். மேக்ரோ வேண்டாம் என்று நினைத்து இதை அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் மேக்ரோ நிற்காது. மேக்ரோவைக் கட்டுப்படுத்தும் பூ ஐகான்தான் திரையிலிருந்து மறையும். தானாக மாறுவது பழையபடி தொடரும், நிறுத்த வழியும் இருக்காது. எனவே இது இயங்கும் நிலையில்தான் இருக்க வேண்டும். அப்போது, பொருளை நெருங்கும்போது கேமரா ஆப்பின் மூலையில் சிறிய பூ ஐகான் தோன்றும். மஞ்சளாக இருந்தால் மேக்ரோ இயங்குகிறது என்று பொருள். அதைத் தொட்டு அணைத்தால் பிரதான லென்ஸுக்குத் திரும்பும்.

அப்படி அணைத்ததும் படம் மங்கினால் பயப்பட வேண்டாம். போன் இன்னும் 20 செ.மீ.க்குக் கீழே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மெதுவாகத் தூக்கினால் ஒரு இடத்தில் தெளிவாகும். அந்த உயரத்தை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து ஸ்டாண்டில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் இந்த அணைப்பு நிலைக்காது. ஆப்பை மூடித் திறந்தால் மீண்டும் தானாக மாறும் நிலைக்கு வந்துவிடும். `Settings > Camera > Preserve Settings` உள்ளே இன்னொரு `Macro Control` உண்டு. பெயர் ஒன்றே என்பதால் முதலில் பார்த்ததுதான் இது என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது. கடைசியாக மேக்ரோவை எந்த நிலையில் விட்டோமோ அதை நினைவில் வைத்துக்கொள்வது இதன் வேலை. இதையும் இயக்கிவிட்டு, கேமராவில் ஒருமுறை பூவை அணைத்தால், அடுத்த முறையும் அணைந்தே இருக்கும்.

வீடியோவுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. `Settings > Camera > Record Video` பக்கத்தில் `Lock Camera`. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் லென்ஸ் மாறாமல் இது தடுக்கும். இது மட்டும் போதுமே என்று தோன்றலாம். ஆனால் இது பூட்டுவது, பதிவு தொடங்கும் நொடியில் எந்த லென்ஸ் இருக்கிறதோ அதை. சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது கை சட்டகத்துக்குள் இருந்து, ஆப் ஏற்கெனவே அல்ட்ரா வைடுக்கு மாறியிருந்தால், முழுப் பதிவும் அந்த லென்ஸிலேயே ஓடும். அதனால் பூவை அணைப்பது முதல் வேலை, `Lock Camera` அதற்குப் பிறகு.

திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் `AE/AF LOCK` பற்றியும் சொல்ல வேண்டும். அது பூட்டுவது ஃபோகஸையும் வெளிச்ச அளவையும்தான். லென்ஸை அது பூட்டும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. ஆனாலும் இந்த வேலைக்கு அது தேவை. மேக்ரோவை நிறுத்திய பிறகு கை குறுக்கே வரும்போது லென்ஸ் மாறாது, ஆனால் ஃபோகஸ் கையைத் தேடி ஓடும். போர்டின் மேல், உயரமான பாகங்கள் இல்லாத இடத்தில், எழுத்து அச்சிட்டிருக்கும் ஒரு பகுதியில் அழுத்திப் பிடித்துப் பூட்டினால், போர்டு தெளிவாகவே இருக்கும். மேலே வரும் கை கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அது பரவாயில்லை. பார்ப்பவருக்கு வேண்டியது சால்டர் உருகும் இடம்தான்.

இப்போது என் அமைப்பு இப்படி இருக்கிறது. போன் 26 செ.மீ. உயரத்தில், 2x-இல். பார்க்கும் அகலம் 18 செ.மீ.க்குச் சற்று மேல். வீடியோவில் நடுக்கத்தைக் குறைப்பதற்காக ஓரங்கள் இன்னும் கொஞ்சம் வெட்டப்படுகின்றன. அப்படியும் 12 செ.மீ. போர்டு, கைகளுக்கு இடம் விட்டு நன்றாக அடங்குகிறது. 20-க்குப் பதில் 26 வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சால்டர் புகை மேலே வரும்போது லென்ஸில் பிசின் படலம் படிவது குறைகிறது, அயர்னைத் தூக்க இடமும் கிடைக்கிறது. 2x-இல் சென்சாரின் சிறு பகுதிதான் பயன்படுகிறது என்பதால் வெளிச்சம் குறைந்தால் படம் சீக்கிரம் புள்ளி தட்டும். இரண்டு பக்கத்திலும் மேசை விளக்கை 45 டிகிரி சாய்வில் வைத்ததும் அது சரியானது. நேர் மேலிருந்து விளக்கு அடித்தால் சால்டர் மூட்டுகள் கண்ணாடிபோலப் பளபளத்து வடிவமே தெரியாமல் போகிறது.

எல்லாம் முடிந்து எடுத்த பதிவில், கெபாசிட்டரின் காலைச் சூடாக்குவதிலிருந்து துளையைச் சுத்தம் செய்வது வரை கை எத்தனை முறை குறுக்கே வந்தாலும் படம் அசையவில்லை. ஒருமுறை டெஸ்க்டாப்பில் சட்டகம் சட்டகமாக நகர்த்தியும் பார்த்துவிட்டேன்.

மேக்ரோ எனக்கு வேண்டாத ஒன்று என்று ஆகிவிடவில்லை. ஒரு சால்டர் மூட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா, நுண்ணிய விரிசல் இருக்கிறதா என்று காட்ட, 6 செ.மீ.க்குள் போகும்போது அதற்கு இணையில்லை. அங்கேயும் தானாக மாறட்டும் என்று விடாமல், நானே .5 தொட்டு எடுக்கிறேன். 4 செ.மீ. தூரத்தில் .5 முழுப் படம் 10 செ.மீ.க்கு மேல் அகலத்தைக் காட்டும். தேவையான நடுப்பகுதியைப் பிறகு வெட்டிக்கொண்டால், தானியங்கி மேக்ரோ தரும் அதே செ.மீ.க்கு 380 பிக்சல்தான் கிடைக்கிறது. விவரத்தில் இழப்பு இல்லை, எந்த லென்ஸ் என்பதில் சந்தேகமும் இல்லை. ஓரங்கள் மட்டும் சற்று மென்மையாக, இழுத்ததுபோல இருக்கும். எனவே பார்க்க வேண்டிய மூட்டை நடுவில் வைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் போனின் நிழலே போர்டில் விழும், விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக வைக்க வேண்டியிருக்கும். அயர்ன் சூடாக இருக்கும்போது இவ்வளவு அருகில் கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டாம்.

ஏற்கெனவே எடுத்த புகைப்படங்களில் எவை எந்த லென்ஸில் எடுக்கப்பட்டவை என்று பிரிக்க, போனின் படத்தகவலில் உள்ள துளை அளவே நம்பகமான அடையாளம். இந்த லென்ஸ்களில் துளை அளவு மாறாது. 14 ப்ரோவில் பிரதான லென்ஸ் f/1.78, அல்ட்ரா வைடு f/2.2. 1x-இல் எடுத்த படத்தில் 2.2 என்று இருந்தால் அது மேக்ரோவுக்கு மாறிய படம். கணினியில் மொத்தமாகப் பார்க்க எக்ஸிஃப்டூல் போதும்:

```
exiftool -FileName -LensModel -FNumber -FocalLength *.HEIC
```

உண்மையான குவியத் தூரமும் இதில் வரும். 6.86 என்றால் பிரதான லென்ஸ், 2.22 என்றால் அல்ட்ரா வைடு. 13 ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் 5.7, 1.57 என்று இருக்கும், துளை அளவு f/1.5, f/1.8. 35 மி.மீ. சமான எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது அந்த எண் லென்ஸை அல்ல, சட்டகத்தைக் குறிக்கிறது.

லென்ஸையும் ஃபோகஸையும் முழுக்கக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றால், இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா ஆப்பில் 13, 24 என்று லென்ஸை நேரடியாகத் தேர்ந்தெடுத்து, ஃபோகஸை நகர்த்தி நிறுத்தலாம். நீண்ட பதிவுகளுக்கு அது வசதி. தினசரி வேலைக்குக் கூடவே வரும் ஆப் எனக்குப் போதுமாக இருக்கிறது.

மற்ற போன்களிலும் இதே விஷயம் வேறு பெயரில் இருக்கிறது. கேலக்ஸி எஸ் வரிசையின் அல்ட்ரா மாடல்களில் நெருங்கும்போது திரையில் வரும் `Focus enhancer` ஐகான்தான் அல்ட்ரா வைடுக்கு மாற்றுவது, அதைத் தொட்டால் நிற்கும். பிக்சல் 7 ப்ரோவில் பூ ஐகான் வரும். 8 ப்ரோவின் கேமராவில் `Lens selection` என்ற இடத்தில் `Manual` வைத்தால், தொட்ட லென்ஸை விட்டு ஆப் தானாக நகராது. பெயர் எதுவானாலும், விரலால் மூடிப் பார்க்கும் சோதனையும், மேக்ரோவை அணைத்து எந்த உயரத்தில் படம் தெளிவாகிறது என்று ஸ்கேலால் அளப்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். போன் மாறினால் அந்த உயரத்தை மறுபடி அளந்து, ஸ்டாண்டில் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.